மெயின் ரோட்டுக்கு எல்.இ.டி.யா, சோலாரா? கிராம சபையில் பேசப்போகும் வார்டு உறுப்பினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வார்டு உறுப்பினராக இருந்த முதல் வருடம், கிராம சபையில் எழுந்து, "மெயின் ரோடு இருட்டாகக் கிடக்கிறது, புது லைட் போட வேண்டும்" என்று பேசினேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, ரோட்டுல மொத்தம் எத்தனை கம்பம், அதுல எத்தனை எரியுது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "பரிசீலிக்கப்படும்" என்று எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது என் கையில் ஒரு தாள் இருந்தது. ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை, தீர்மானம் ஏறியது. அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது, அதை வைத்து எப்படிப் பேசுவது, யார் என்ன கேட்பார்கள் என்பதை என் ஊர்க் கணக்கையே வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊரில் எண்கள் மாறும், வழி மாறாது.

முதலில், இருட்டில் ஒரு நடை

பேச்சை எழுத உட்காருவதற்கு முன்னால் இரவு ஏழரை மணிக்கு மேல் ரோட்டை ஒருமுறை முழுக்க நடந்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. பல ஊர்களில் தெருவிளக்கு சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் அவர்தான். எந்தக் கம்பத்தில் போன மாதம் பட்டி மாற்றியது, எங்கே சோக் போயிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

பஸ் நிறுத்தத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கம்பத்துக்கும் நீங்களே ஒரு எண் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் ஃபிட்டிங் இருக்கிறதா, எரிகிறதா, மரக்கிளை மறைக்கிறதா என்று மூன்றை மட்டும் குறித்தால் போதும்.

மறுநாள் பகலில் இன்னொரு நடை. இதை யாரும் செய்வதில்லை, ஆனால் எல்.இ.டி.யா சோலாரா என்ற கேள்விக்குப் பாதி விடை இதில்தான் இருக்கிறது. அண்ணாந்து கம்பிகளை எண்ணுங்கள். வீடுகளுக்குக் கரண்ட் போகும் லைனில் மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், அதோடு தெருவிளக்குக்கென்றே தனியாக ஒரு கம்பி, ஆக ஐந்து கம்பி ஓட வேண்டும். அந்த ஐந்தாவது கம்பி இருக்கும் கம்பத்தில் ஃபிட்டிங்கை மாட்டினால் விளக்கு எரியும். நான்கே கம்பிதான் ஓடுகிறது என்றால், விளக்குக்கு முன்னால் ஈ.பி.க்குப் பணம் கட்டிக் கம்பியை நீட்ட வேண்டும். எங்கே அது முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ரோடு 1.3 கிலோமீட்டர். பஸ் நிறுத்தத்திலிருந்து ஏரி மதகு வரை ஒரு கிலோமீட்டர், அதில் 30 கம்பம், எல்லாவற்றிலும் ஐந்தாவது கம்பி உண்டு. 24 கம்பத்தில் பழைய 40 வாட் டியூப் லைட், 6 கம்பம் மொட்டை. அந்த 24-ல் அன்று இரவு எரிந்தவை 15. மதகைத் தாண்டி உயர்நிலைப் பள்ளி வழியாகக் காலனி முகப்பு வரைக்கும் 300 மீட்டர். அங்கே லைனும் இல்லை, கம்பமும் இல்லை. காலனிக்குக் கரண்ட் வேறு பக்கமாக வருகிறது.

மெயின் ரோடு விளக்கு ஊர் எல்லையில் நின்றுபோய், அதற்கப்புறம் காலனிக்குப் போகிற துண்டு மட்டும் இருட்டில் கிடப்பது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் அல்ல. உங்கள் ரோட்டின் கடைசி விளக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "மெயின் ரோடு" என்று நீங்கள் பேசும்போது அந்தத் துண்டும் அதற்குள் இருக்க வேண்டும்.

அடுத்து, கரண்ட் பில்

ஊராட்சிச் செயலரிடம் தெருவிளக்கு இணைப்பின் கடைசி சில பில்களைக் கேளுங்கள். மெயின் ரோட்டு விளக்குகள் எந்த மீட்டர் பெட்டியில் ஓடுகின்றன, அதன் இணைப்பு எண் என்ன, அது இந்த ரோட்டுக்கு மட்டுமா, தெருக்களுக்கும் சேர்த்தா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பெட்டியை நேரில் போய்ப் பாருங்கள். மீட்டர் ஓடாமல் சராசரி போட்டு பில் வந்துகொண்டிருந்தால், நீங்கள் எல்.இ.டி. மாட்டினாலும் பில் குறையாது. அப்படியானால் மீட்டர் மாற்றச் சொல்லி ஈ.பி. பிரிவு அலுவலகத்துக்கு எழுதுவதுதான் முதல் வேலை.

இனி கணக்கு. 40 வாட் டியூப் லைட் 40 வாட்டோடு நிற்பதில்லை. பழைய இரும்பு சோக் தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட் தின்னும், ஆக ஒரு விளக்குக்கு 52 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இரவுக்குப் 11 மணி நேரம், மாதத்துக்கு 30 நாள். யூனிட் விலையை உங்கள் பில்லிலிருந்தே எடுங்கள். இங்கே கணக்குக்காக ₹8 போடுகிறேன்.

பெரும்பாலான பேச்சுகள் சறுக்கும் இடம் இதுதான். "24 டியூப் லைட் × 52 வாட்" என்று பெருக்கினால் மாதம் 412 யூனிட், ஏறக்குறைய ₹3,295 வரும். அதை எல்.இ.டி. கணக்கோடு ஒப்பிட்டால் பாதிக்குப் பாதி மிச்சம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் எரிவது 15 தான். எரியாத விளக்குக்கு யூனிட் ஓடாது. உண்மையில் இன்று ஓடுவது 15 × 52 = 780 வாட், மாதம் 257 யூனிட், ₹2,059. நீங்கள் பாதி மிச்சம் என்று வாக்குக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து பில் அப்படிக் குறையவில்லை என்றால், கூட்டத்தில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

புதிதாகப் போடப்போவது 30 விளக்கு. அதில் 26 கம்பத்துக்கு 20 வாட், பஸ் நிறுத்தம், கடைத்தெரு முக்கு, இரண்டு வளைவு என்று நான்கு கம்பத்துக்கு 40 வாட். மொத்தம் 680 வாட். மாதம் 224 யூனிட், ₹1,795.

ஆகவே நேர்மையாகச் சொல்லக்கூடிய வாக்கியம் இதுதான்: இன்று 15 விளக்கு எரிய ஆகும் பணத்தைவிடக் குறைவான பணத்தில் நாளைக்கு 30 விளக்கு எரியும். மிச்சம் மாதம் ₹264 தான், பெரிய தொகை இல்லை. ஆனால் வெளிச்சம் இரட்டிப்பு. இந்த வாக்கியத்தை யாராலும் மறுக்க முடியாது.

20 வாட் போதுமா என்று உங்களுக்கே சந்தேகம் வரலாம். டியூப் லைட் தன் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் வீசுகிறது, அதில் நல்ல பங்கு வானத்துக்குப் போகிறது. எல்.இ.டி. முழுக்கக் கீழே பார்த்து விழுகிறது. வாட்டுக்கு 100 லூமனுக்குக் குறையாத 20 வாட் விளக்கு, தூசி படிந்த 40 வாட் டியூபைவிட ரோட்டில் அதிக வெளிச்சம் தரும். பேச்சுக்கு முன்னால் ஒரு கம்பத்தில் ஒன்றை மாட்டிக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் யாரையும் சும்மா ஏற்றிவிடாதீர்கள். வயர்மேன் லைனை நிறுத்திய பிறகுதான் கம்பத்தில் ஏற வேண்டும்.

எங்கே எல்.இ.டி., எங்கே சோலார்

ஐந்தாவது கம்பி ஓடும் இடத்தில் எல்.இ.டி., ஓடாத இடத்தில் சோலார். என் தீர்ப்பு இவ்வளவுதான். ஏன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் பாதிப் பேர் "எல்லாத்தையும் சோலாரா போட்டா பில்லே வராதே" என்பார்கள்.

சோலார் விளக்குக்குக் கரண்ட் பில் கிடையாது, சரி. ஆனால் பேட்டரி உண்டு. ஈய அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம், லித்தியம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் காலம். அதற்கப்புறம் ஒவ்வொரு கம்பத்துக்கும் புது பேட்டரி வாங்க வேண்டும். அந்தச் செலவுக்கு யாரும் பணம் எடுத்து வைப்பதில்லை. எங்கள் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையில் முன்பு போட்ட மூன்று சோலார் விளக்குகள் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. திறந்து பார்த்தபோது பேட்டரி உப்பிப் பெட்டியின் மூடியையே நெம்பியிருந்தது. பொருத்தியவர் போனை எடுக்கவில்லை. கம்பம் இன்றைக்கும் அங்கே நிற்கிறது, துணி காயப்போட உதவுகிறது.

ஒரு கிலோமீட்டருக்குக் கம்பமும் கம்பியும் ஏற்கெனவே இருக்கும்போது, 30 பேட்டரியை ஊர் தலையில் கட்டுவதில் அர்த்தமில்லை. போதாததற்கு எங்கள் ரோட்டோரம் முழுக்கப் புளியமரம். நிழலில் நிற்கும் பேனல் பாதிகூட ஏறாது. பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தால்கூட உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும்.

மதகுக்கு அந்தப் பக்கம் கதை வேறு. 300 மீட்டர் வெட்டவெளி, ஏரிக்கரை, மரமில்லை. கம்பமும் லைனும் புதிதாக இழுப்பதைவிட அங்கே சோலார் சுலபம். 30 மீட்டருக்கு ஒன்று என்று 10 விளக்கு.

இந்தப் பத்துக்கும் அளவைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றிவிடுவார்கள். 12 வாட் விளக்கு 11 மணி நேரம் எரிய 132 வாட்-மணி தேவை. 75 வாட் பேனல், நான்கு மணி நேர நல்ல வெயில், தூசிக்கும் இழப்புக்கும் முப்பது சதவீதம் கழித்தால் 210 வாட்-மணி தரும். அது போதும், மீதியும் நிற்கும். பேட்டரி 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-மணி என்றால் இரண்டையும் பெருக்கினால் 384. முழுவதையும் உறிஞ்சக்கூடாது, 300 என்று வைத்தால் வெயிலே இல்லாமல் இரண்டு இரவு தாங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அது போதாது. அதனால் முதல் நான்கு மணி நேரம் முழு வெளிச்சம், அப்புறம் பாதி வெளிச்சம் என்று தானாக இறங்கும் அமைப்பைக் கேளுங்கள். அப்படிச் செய்தால் ஓர் இரவுக்கு 90 வாட்-மணிதான் ஆகும், மூன்று இரவு தாண்டும்.

கடைகளில் "100 வாட் சோலார் தெருவிளக்கு" என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 100-ஐ விட்டுவிடுங்கள். பேனல் எத்தனை வாட் என்று மட்டும் கேளுங்கள். 15 வாட் பேனல் என்றால் நாளுக்கு 42 வாட்-மணி. அதை 11 மணி நேரத்துக்குப் பிரித்தால் நான்கு வாட்கூட வராது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் விடியும்வரை எரியக்கூடியது அந்த நான்கு வாட்தான். ஒன்பது மணிவரை பளிச்சென்று எரிந்துவிட்டு அணைந்துபோகும் விளக்குகளின் ரகசியம் இது.

எந்தக் கூட்டத்தில் பேசுவது

அக்டோபர் 2 கிராம சபைதான் இதற்கு ஏற்றது. அடைமழைக்கு முன்னால் வருவதால் இருட்டும் பாம்பும் எல்லார் மனதிலும் இருக்கும். தலைவரிடமும் செயலரிடமும் முன்கூட்டியே சொல்லிப் பொருள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கடைசியில் "இதர பொருள்" நேரத்தில் எழுந்தால் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும்.

இன்னொன்று, தலைவரைக் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் பார்த்துத் தாளைக் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் திடீரென்று எண்களை எடுத்து வீசினால் அவர் தன்னைக் குறை சொல்வதாக நினைப்பார்.

பேச்சு

கீழே இருப்பது நான் பேசியது, கொஞ்சம் செப்பனிட்டு. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, சக உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, அக்கா தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மெயின் ரோட்டு விளக்கைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கிறேன். போன வாரம் தொட்டி ஆபரேட்டர் அண்ணனோடு இரவில் ரோடு முழுக்க நடந்து எண்ணினேன். பஸ் நிறுத்தத்திலிருந்து மதகு வரை 30 கம்பம். 24 கம்பத்தில் டியூப் லைட் இருக்கிறது. எரிவது 15. மதகிலிருந்து காலனி முகப்பு வரை 300 மீட்டரில் ஒரு விளக்குகூட இல்லை. பள்ளிக்கூடம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிறப்பு வகுப்பு முடிந்து ஏழு மணிக்கு வெளியே வருகிறார்கள். செல்போன் வெளிச்சத்தில் ஏரிக்கரையைத் தாண்டுகிறார்கள். கடைசி பஸ்ஸில் மில்லிலிருந்து வரும் நம் பெண்களும் அதே வழிதான்.

குடியிருப்புப் பகுதியில் பொதுச் சாலைக்கு விளக்குப் போடுவது ஊராட்சியின் கடமை என்று 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டம் 110-ஆவது பிரிவு சொல்கிறது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இது நாம் சலுகையாகக் கேட்கும் விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

செலவு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இப்போது எரியும் 15 டியூப் லைட்டுக்கு மாதம் 257 யூனிட் ஓடுகிறது. அதையெல்லாம் எடுத்துவிட்டு 30 கம்பத்திலும் எல்.இ.டி. போட்டால் 224 யூனிட். இன்றைக்கு 15 விளக்குக்குக் கட்டும் பணத்தைவிடக் குறைவாகக் கட்டி 30 விளக்கு எரிக்கலாம்.

மதகுக்கு அப்பால் லைன் இல்லை. அங்கே 10 சோலார் விளக்கு போதும். வெட்டவெளி, நல்ல வெயில். அங்கே மட்டும்தான் சோலார் கேட்கிறேன். லைன் இருக்கும் இடத்தில் சோலார் வேண்டாம், ஏனென்றால் நாலு வருடத்துக்கு ஒருமுறை 30 பேட்டரி வாங்க நம்மால் முடியாது. இந்தப் பத்துக்கு முடியும். அதற்கும் இன்றைக்கே வருடாவருடம் ஒரு தொகை ஒதுக்கித் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு தயாரிக்கட்டும். எந்தக் கடையில், யாரிடம் வாங்குவது என்பதில் எனக்கு எந்த விருப்பமும் இல்லை. ஐந்து வருட உத்தரவாதம் எழுத்தில் வேண்டும், அவ்வளவுதான். கம்பம் கம்பமாக எழுதிய பட்டியல் இதோ, செயலரிடம் கொடுக்கிறேன். யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்த்து, தப்பு இருந்தால் சொல்லுங்கள். வணக்கம்."

இதில் நான் வேண்டுமென்றே விட்டது விளக்கின் விலை. கடை விலையைக் கூட்டத்தில் சொன்னால் பேச்சு விலையைச் சுற்றியே போய்விடும். அதோடு "உங்களுக்கு எந்த ஏஜென்ட்டைத் தெரியும்?" என்ற கேள்வியும் வரும். விலையை மதிப்பீட்டுக்கு விடுங்கள்.

கேட்கப்போகும் கேள்விகள்

"எங்க தெருவுக்கு எப்போ?" என்று கண்டிப்பாக ஒரு அக்கா கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் மெயின் ரோட்டிலிருந்து கழற்றிய 15 டியூப் ஃபிட்டிங்கையும் தெருக்களில் பழுதான இடங்களில் மாட்டினோம். அதனால் தெருக்களின் யூனிட் ஏறும் என்பதையும் சொல்லிவிட்டேன். ஏற்கெனவே சொல்லிவிட்ட செலவு பின்னால் சண்டையாக வராது.

"எல்.இ.டி. கண்ணைக் கூசுதே, எதிரே பைக் வர்றது தெரியலை" என்பதும் உண்மையான புகார்தான். பெரும்பாலும் விளக்கை நிமிர்த்தி மாட்டியதால் வருவது. ரோட்டுக்கு இணையாகக் கீழே பார்க்கும்படி மாட்டினால் கூச்சம் குறையும். நீலம் பூத்த வெள்ளைக்குப் பதில் 4000 கெல்வின் அளவில் மிதமான வெள்ளை கேட்டாலும் கண்ணுக்கு இதம்.

"பக்கத்து ஊர்ல எல்.இ.டி. போட்டு ஆறு மாசத்துல போச்சு" என்பவருக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எல்.இ.டி.யில் சீக்கிரம் சாவது உள்ளே இருக்கும் டிரைவர் என்கிற மின்சுற்று. நம் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்குவதும் இடி மின்னலும் அதைத்தான் அடிக்கிறது. நியூட்ரல் அறுந்தால் ஒரு நிமிடத்தில் ஒரு வரிசையே போய்விடும். அதனால் திடீரென்று பாயும் வோல்டேஜைத் தாங்கும் 10 கிலோவோல்ட் சர்ஜ் தடுப்பு, மழையும் பூச்சியும் நுழையாத ஐபி 65 அல்லது 66 மூடி, இந்த இரண்டையும் மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள். வந்து இறங்கியதும் பெட்டியில் இருப்பதைப் படித்துப் பாருங்கள்.

பணம் எங்கே என்று தலைவரே கேட்பார். கரண்ட் பில் போவது கணக்கு எண் 2-லிருந்து. விளக்கு வாங்குவதை ஊராட்சியின் பொது நிதியில் வைக்கலாம், அல்லது நிதி ஆணைய மானியத்தில் நிபந்தனையில்லாத பகுதியில் வைக்கலாம். குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கிய பகுதியைத் தொட முடியாது. சோலார் பகுதியைச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் கேட்டுத் தனி மனு கொடுக்கலாம். ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஒன்றியத்துடையதா என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். ஈ.பி. கம்பத்தில் விளக்கு மாற்றுவதற்கு அது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் ஓரத்தில் குழி தோண்டிச் சோலார் கம்பம் நட ரோட்டுக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். எங்களுக்கு அந்தக் கடிதத்துக்காகவே இரண்டு மாதம் போனது.

தீர்மானத்தை எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள்

"மெயின் ரோட்டுக்கு விளக்கு அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது எதற்கும் உதவாது. எங்கள் பதிவேட்டில் ஏறிய வாசகம் கிட்டத்தட்ட இப்படி:

"பஸ் நிறுத்தம் முதல் ஏரி மதகு வரை உள்ள 30 மின்கம்பங்களில் (26-ல் 20 வாட், 4-ல் 40 வாட்) எல்.இ.டி. விளக்குகளும், மதகு முதல் காலனி முகப்பு வரை 10 இடங்களில் 12 வாட் சோலார் விளக்குகளும் அமைக்கவும், ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு பெறவும், ஐந்து ஆண்டு உத்தரவாதம் பெறவும், தெருவிளக்கு மீட்டர் பெட்டியில் நேரச் சுவிட்ச் பொருத்தவும், சோலார் பேட்டரி மாற்ற ஆண்டுதோறும் நிதி ஒதுக்கவும் தீர்மானிக்கப்பட்டது."

நேரச் சுவிட்ச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஆபரேட்டர் ஒரு நாள் ஊரில் இல்லாமல் 680 வாட்டும் பகல் முழுக்க எரிந்தால் 8 யூனிட், ₹65 போச்சு. மாதத்தில் நான்கு நாள் அப்படி நடந்தால் நாம் கணக்குப் போட்டுச் சொன்ன மிச்சம் முழுவதும் கரைந்துவிடும்.

விளக்கு வந்த பிறகு

எல்லாக் கம்பத்திலும் அதன் நம்பரைப் பெயிண்டில் எழுதச் செய்யுங்கள். "டீக்கடைக்கு எதிர்த்தாப்ல இருக்கிற லைட்டு" என்று புகார் சொல்லாமல் "17-ஆம் நம்பர்" என்று சொல்லும்போது வேலை சீக்கிரம் நடக்கும். சோலார் கம்பம் நடும்போது கூடவே நில்லுங்கள். பேனல் தெற்குப் பார்த்து, லேசாகச் சாய்ந்து இருக்க வேண்டும். பேட்டரி பெட்டி கைக்கு எட்டாமல் மேலே, பேனலுக்கு அடியில் இருந்தால் திருட்டுப் போகாது.

பழுதை அடையாளம் காண இரண்டு மூன்று குறிப்புகளைத் தொட்டி ஆபரேட்டரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். எல்.இ.டி. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் டிரைவர் போகப்போகிறது, உத்தரவாதம் இருக்கும்போதே எழுதிக்கொடுத்துவிட வேண்டும். கண்ணாடிக்குள் பூச்சி சேர்ந்தால் ரப்பர் ஓரம் பிரிந்திருக்கிறது, அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும். சோலார் விளக்கு பட்டப்பகலில் எரிந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பேனலிலிருந்து கரண்ட் வருவதை வைத்துத்தான் அது பகலா இரவா என்று அறிகிறது, பேனல் வயர் எங்கோ கழன்றிருக்கும். சாயங்காலம் எரிந்து பத்து மணிக்கு அணைகிறது என்றால் முதலில் பேனலைத் துடைத்துப் பாருங்கள். ஏரிக்கரையில் கொக்கும் காக்கையும் உட்காருகிற பேனல் ஒரே மாதத்தில் வெள்ளை பூசியதுபோல் ஆகிவிடும். துடைத்து இரண்டு நல்ல வெயில் நாள் போன பிறகும் அப்படியே இருந்தால், அப்போது பேட்டரி.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு முன் வாரம் எல்லாம் மாட்டி முடிந்தது. அன்று இரவு நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் நடந்தேன். 40-ல் 39 எரிந்தது. 22-ஆம் நம்பர் எரியவில்லை. காலையில் வயர்மேன் வந்து கம்பி முறுக்கைச் சரிசெய்தார்.